தம்பிக்காக அக்கா எழுதிய காரணங்கள்

அந்த நான்காவது மாடி அறையில் அவளை எல்லோரும் வில்லியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் யாருக்கும் கெடுதல் செய்தவள் இல்லை. தினமும் ஒளிபரப்பாகிற ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு ஆறு பேர் கூடிக் கதை எழுதினார்கள். அழுகைக் காட்சிகள் ஒருவருக்கு, கல்யாணக் கலகலப்பு இன்னொருவருக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள். கெட்டவன் வாயைத் திறக்கிற காட்சி எதுவானாலும் அது அவள் மேசைக்குத்தான் வரும். பதினாறு வருடங்களாக அதுதான் அவள் பிழைப்பு. "வில்லியம்மா எழுதினா, கொலை பண்ணினவனுக்கே ஓட்டுப் போடலாம்னு தோணும்" என்று இயக்குநர் கேலி செய்வார். அவளும் சிரிப்பாள்.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் எழுதுகிற வில்லன்கள் முதல் காட்சியிலேயே பல்லைக் கடிப்பார்கள், கையைப் பிசைவார்கள். அவள் அந்தத் தாளை அப்படியே திருப்பிக் கொடுப்பாள். "கெட்டது செய்யறேன்னு நினைச்சுக்கிட்டு எவனும் கெட்டது செய்யறதில்ல. அவன் மனசுல அது நியாயம். அந்த நியாயத்தை முதல்ல கண்டுபிடிங்க" என்பாள். ஒவ்வொரு வில்லனையும் எழுதுவதற்கு முன்னால் அவனை எதிரே உட்கார வைத்தாற்போலக் கேள்வி கேட்பது அவள் வழக்கம். உனக்கு யார் என்ன செய்தார்கள்? நேர்வழியில் எத்தனை தரம் போய்ப் பார்த்தாய்? கடைசிக் கேள்விதான் முக்கியம்: அதைச் செய்வதற்கு முந்தின நிமிஷம் என்ன செய்தாய்? பெரிய காரணங்களை யாரும் சொல்லிவிடலாம், அந்த முந்தின நிமிஷத்தில்தான் ஆள் அகப்படுவான் என்பது அவள் கண்ட பாடம்.

அப்படிப்பட்டவளின் சொந்தத் தம்பி, ஒரு விடுமுறை நாள் நண்பகலில், தான் பதினோரு வருடம் வேலை பார்த்த மெத்தைத் தொழிற்சாலையின் கிடங்குக்குத் தீ வைத்தான். உள்ளே சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்த காவலாளி புகையில் மூச்சுத் திணறி இறந்துபோனார்.

ஏழு மாதம் வழக்கு நடந்தது. தீ வைத்ததைத் தம்பி மறுக்கவில்லை. உள்ளே ஆள் இருந்தது தெரியுமா என்ற கேள்விக்கு மட்டும் அவன் வாயே திறக்கவில்லை. அவனுக்காக வக்கீல்தான் "தெரியாது" என்று வாதாடினார். குற்றவாளி என்று தீர்ப்பு வந்தது. எத்தனை வருடம் என்பதை நீதிபதி மூன்று வாரம் கழித்துச் சொல்வதாக ஒத்திவைத்தார்.

அன்று நீதிமன்றப் படிக்கட்டிலேயே வக்கீல் அவளைத் தனியே கூப்பிட்டார். நரைத்த தலை, தேய்ந்த செருப்பு, எந்நேரமும் இருமிக்கொண்டிருக்கிற மனிதர்.

"தண்டனை சொல்றதுக்கு முன்னாடி குடும்பத்துல ஒருத்தர் பேசலாம்மா. எழுதி வந்து படிக்கலாம். இவன் ஏன் இப்படிச் செஞ்சான்னு நீதிபதி நம்பணும். நம்பினா ஏழு எட்டு வருஷத்தோட போகும். நம்பலேன்னா பதினஞ்சுக்குக் குறையாது. நீங்கதான் இதே வேலையாச்சே!"

"நான் எழுதறது பொய்யான ஆளுங்களை சார்."

"பொய்யான ஆளை நம்ப வைக்கிற உங்களுக்கு நிஜமான ஆளை நம்ப வைக்கிறதா கஷ்டம்?"

பதினைந்து வருடம் என்றால் தம்பி மகளுக்கு இருபத்தொரு வயது ஆகிவிடும். அந்தக் கணக்கு ஒன்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

தம்பி அவளைவிட எட்டு வயது இளையவன். அம்மாவும் அப்பாவும் ஒரே வருடத்தில் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பத்து வயது. கல்யாணம் என்ற பேச்சையே எடுக்காமல் அவள் அவனை வளர்த்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்களே, அவளுக்கு அவன் தும்மினாலே ஆடும். இப்போது அவனுடைய மனைவியும் ஆறு வயதுக் குழந்தையும் அவளுடைய இரண்டு அறை வீட்டில்தான் இருந்தார்கள். தம்பி மனைவி அதிகம் பேசமாட்டாள். காலையில் குழந்தைக்குத் தலை வாரிவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

மறுநாள் காலை வில்லியம்மா அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்தாள். முதலில் கைக்கு வந்தது பழி. அதற்கான சரக்கு ஏராளமாக இருந்தது.

தம்பி பசை ஒட்டும் பிரிவில் மேற்பார்வையாளன். அந்தப் பசையின் நெடியில் இரண்டு பெண்களுக்குக் கண் கெட்டுப்போனதை அவன் மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தான். மூன்று தரம் எழுதினான். மூன்றாம் கடிதம் போன வாரத்திலேயே அவன் மேல் திருட்டுக் குற்றம் வந்தது. வாசலில், வேலை விட்டு இருநூறு பேர் வெளியே போகிற நேரத்தில், மேலாளர் அவனை நிறுத்திச் சாப்பாட்டுப் பையை மேசைமேல் கொட்டச் சொன்னார். டிபன் டப்பா உருண்டது. குழந்தை வரைந்து கொடுத்த ஒரு படம் விழுந்தது. பையின் அடியிலிருந்து ஒரு பித்தளைக் குழாய் முனையை மேலாளர் தூக்கிக் காட்டினார். அது எப்படிப் பைக்குள் வந்தது என்று தம்பிக்குத் தெரியாது. அன்றே வேலை போனது. ஊருக்கெல்லாம் தெரிந்தது அவன் திருடன் என்பது மட்டும்தான்.

அவளுக்குத் தொழில் தெரியும். பழி வாங்குகிறவனை நம்ப வைக்க வேண்டுமானால் அடி விழுவதைப் பார்க்கிறவர் கண்ணால் பார்க்க வேண்டும். "என் வாழ்க்கையையே அழிச்சுட்டாங்க" என்று அவன் ஆயிரம் தரம் கத்தினாலும் ஒருவருக்கும் உறைக்காது. காயம் சின்னதாக, தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும். அதனால் அவள் வேலை போனதை ஒரே வரியில் முடித்தாள். டிபன் டப்பா உருண்டதை ஒரு பத்தி எழுதினாள். யாரோ ஒருவர் காலால் அந்த டப்பாவை நிறுத்தியதையும், படத்தைத் தம்பி குனிந்து எடுத்தபோது பின்னால் ஒருவர் சிரித்ததையும் எழுதினாள். நேர்வழிக் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டதையும் வரிசையாக வைத்தாள்: தொழிலாளர் அலுவலகத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்து "நாளைக்கு வா" என்ற பதிலோடு திரும்பியது, காவல் நிலையத்தில் புகாரை வாங்க மறுத்தது. கதவைத் தட்டிப் பார்க்காதவன் சுவரை உடைத்தால் அவன் ரௌடி. எல்லாக் கதவையும் தட்டிவிட்டு உடைத்தால் பார்க்கிறவனுக்கும் கை துறுதுறுக்கும்.

இரண்டு பக்கம் வந்தது. வாசித்துப் பார்த்தாள். மேலாளர் கையில் கிடைத்தால் தானே கொன்றுவிடலாம் என்றிருந்தது. அப்புறம்தான் உறைத்தது, செத்தது மேலாளர் இல்லையே! எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று பழமொழியே இருக்கிறது. தீ வைத்தவனுடைய காயம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும், அடி வேறொருவன் மேல் விழுந்த கணத்தில் பார்க்கிறவன் மனசு அந்த வேறொருவன் பக்கம் போய்விடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்த ஓட்டையை எந்த வசனத்தாலும் அடைக்க முடியாது. தாள்களைக் கிழித்துப் போட்டாள்.

அடுத்தது கொள்கை. வேலை போன பிறகு தம்பி சில பேரோடு சேர்ந்து வாரம் ஒருநாள் ஒரு படிப்பகத்தில் கூடினான். அங்கே பேசுகிற ஒரு பேச்சை வீட்டிலும் வந்து சொல்வான்: "பொருளுக்கு ரத்தம் கிடையாதுக்கா. மனுசனுக்குத்தான் ரத்தம். ரெண்டுல எதைக் காப்பாத்தணும்?" சோறு போட்டுக்கொண்டே அவளும் தலையாட்டியிருக்கிறாள்.

கொள்கைக்காரனை எழுதும்போது அதுதான் சூட்சுமம். அவன் சொல்கிற முதல் வாக்கியத்துக்கு எல்லோரும் தலையாட்ட வேண்டும். இரண்டாவதுக்கும் ஆட்ட வேண்டும். மூன்றாவதில் கொஞ்சம் தயங்கி, நான்காவதில் "ஐயோ, எங்கே கூட்டிக்கொண்டு போகிறான்" என்று பதற வேண்டும். ஆனால் திரும்பிப் பார்த்தால் எந்தப் படியில் தவறினோம் என்று தெரியக் கூடாது. அவன் தன் கொள்கைக்குத் தானும் விலை கொடுக்கிறவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அது வெறும் மேடைப்பேச்சு. பொருளுக்கு ரத்தம் இல்லை; இந்தக் கிடங்கிலுள்ள பொருள் இரண்டு பெண்களின் கண்ணைத் தின்றது; இதை எரித்தால் நாளைக்கு நூறு கண் பிழைக்கும்; ஆகையால் எரிப்பதுதான் தர்மம். படிகளை அவள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். சறுக்கவே இல்லை. எழுதி முடித்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

வக்கீல் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் இருமினார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா. அதான் பயமா இருக்கு. இதைக் கேட்டா நீதிபதி இவன் ஒரு சொல்லை நம்பித் தீ வெச்சான்னு நினைப்பாரு. நாளைக்கு வெளிய வந்தா வேற சொல்லை நம்பி வேற இடத்துல வெப்பான். கோபத்துல செஞ்சவனுக்குக் கோபம் ஆறும். நம்பிச் செஞ்சவனுக்கு எது ஆறும்? இருபது வருஷம் போட்டாலும் போடுவாங்க."

"அப்ப என்னதான் சார் எழுதறது?"

"குழந்தையை எழுதுங்க."

சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. அலுவலகத்திலிருந்து தினமும் போன் வந்தது. வில்லன் காட்சிகள் தேங்கிக் கிடக்கின்றன என்றார்கள். வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

குழந்தையை எழுதுவதற்குக் கற்பனையே தேவைப்படவில்லை. பள்ளிக்கூடத்தில் குழந்தையைத் "திருடன் மகள்" என்று கூப்பிட்டார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "அப்பா, நான் எதை எடுத்தேன்?" என்று கேட்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகமாட்டேன் என்று கட்டில் காலைக் கட்டிக்கொண்டாள். தம்பி தினமும் காலையில் அந்தச் சின்ன விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டில் காலிலிருந்து பிரித்தெடுப்பான். பிறகு அவன் பிரிப்பதை நிறுத்திவிட்டான். அவனும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொள்வான்.

குடும்பப் பாசத்தால் கெட்டவன் ஆகிறவனை அவள் நூறு தரம் எழுதியிருக்கிறாள். அவன் "என் புள்ளைக்காக" என்று சொல்லவே கூடாது. சொன்னால் அது சாக்கு. பிள்ளைக்கு நகம் வெட்டிவிடுகிறவனாக, வெந்நீரை விரலால் தொட்டுப் பார்க்கிறவனாக முதலில் காட்டிவிட வேண்டும். பிள்ளை அவனிடம் எதையும் கேட்டிருக்கக் கூடாது. கேட்காததைத்தான் அவன் செய்ய வேண்டும். அப்போதுதான் அந்த அன்புக்குள் இருக்கிற கொடுமை தெரியும்: அவன் தன்னவர்களைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடுகிறான். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் மனிதர்கள். வெளியே இருப்பவர்கள் குறுக்கே வருகிறவர்கள்.

அந்த விரல் பிரிக்கிற இடத்தை எழுதும்போது அவள் வாய்விட்டு அழுதாள். தம்பி மனைவி வந்து பின்னால் நின்று படித்தாள். அவள் தோளில் கையை வைத்துவிட்டுப் போனாள். இது நிற்கும் என்று இருவருக்கும் தெரிந்துவிட்டது.

ஆனால் அவளுக்கு அந்தக் கடைசிக் கேள்வி மிச்சம் இருந்தது. பதினாறு வருடப் பழக்கம், விடாது. அந்த வாரம் சிறைக்குப் போனபோது, கம்பி வலைக்கு அப்பால் முழங்கால்களைச் சேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தம்பியிடம் கேட்டுவிட்டாள்.

"டேய், தீ வைக்கிறதுக்கு முந்தின நிமிஷம் என்னடா செஞ்சே?"

வலைக்கு இந்தப் பக்கம் பத்துப் பதினைந்து பேர் ஒரே சமயத்தில் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாயை அவுத்தேன்கா."

"எந்த நாயை?"

"கிடங்கு வாசல்ல ஒரு நாய் கட்டிக் கெடக்கும். நான் வேலை பார்த்தப்ப டெய்லி என் டப்பாவுல மிச்சத்தை அதுக்குத்தான் போடுவேன். என்னைப் பார்த்ததும் வாலாட்டிச்சு. அதைக் கூட்டிட்டுப் போயி எதிர்த்த கடைத் தூண்ல கட்டிட்டு வந்தேன்."

வேறொரு நாளாக இருந்தால், வேறொருவனாக இருந்தால், இந்த ஒரு விஷயத்துக்காக மேசையைத் தட்டிக் கூத்தாடியிருப்பாள். நாயைக் காப்பாற்றிவிட்டுத் தீ வைக்கிறவனை எந்தப் பார்வையாளன் மறப்பான்?

"அப்ப அவர்?" என்று கேட்டாள்.

"ஜன்னல்ல பார்த்தேன். பெஞ்சுல படுத்திருந்தாரு. எழுப்பினா தடுப்பாரு. புகை வந்தா எழுந்து ஓடிருவாருன்னு நினைச்சேன். பின்கதவு இருக்கு. அது பூட்டியிருக்கும்னு... நினைக்கலைக்கா." அவன் வலையில் நெற்றியை முட்டிக்கொண்டான். "நாயால கயித்தை அவுத்துக்க முடியாது. மனுசன்தானே, எழுந்துருவாருன்னு நினைச்சேன்."

காவலர் வந்து நேரம் முடிந்தது என்றார்.

அந்தப் பேச்சை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வக்கீலிடம்கூடச் சொல்லவில்லை. நான்கு பக்க அறிக்கையை மட்டும் கொடுத்தாள். பழியிலிருந்து டிபன் டப்பாவையும், பிள்ளைப் பாசத்திலிருந்து கட்டில் காலையும் எடுத்துக் கோத்திருந்தாள். உள்ளே ஆள் இருந்ததைப் பற்றி எந்த இடத்திலும் ஒரு சொல் இல்லை. வக்கீல் அதைக் கவனித்தார். நான்காம் பக்கத்தின் நடுவில் தன் பேனாவால் ஒரு வரியைச் சேர்த்தார்: உள்ளே ஒருவர் இருப்பது தெரிந்திருந்தால் என் தம்பி தீக்குச்சியைத் தொட்டிருக்கவே மாட்டான்.

"இது இல்லேன்னா மத்ததெல்லாம் வீணும்மா" என்றார்.

தண்டனை சொல்லும் நாளில் அவள் எழுந்து நின்று படித்தாள். குரலை எங்கே இறக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சின்ன விரல்களைப் பிரிக்கிற இடத்தில் நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தட்டச்சு செய்கிற பெண் கையை நிறுத்தினாள். கூண்டில் தம்பி தலை குனிந்து நின்றான். அந்த வரி வந்தது. ஒரு நொடி நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தயக்கம்கூட நல்ல நடிப்பாக அமைந்துவிட்டது. படித்துவிட்டாள்.

ஏழு வருடம் என்றார் நீதிபதி.

தம்பி மனைவி அவளைக் கட்டிக்கொண்டு விம்மினாள். வக்கீல் இருமலுக்கு நடுவே கைகூப்பினார். கும்பல் கலைந்த பிறகு வராந்தாவின் கோடியில், தண்ணீர்க் குழாயடியில், ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். ஏழு மாதமாக நீதிமன்றத்தில் கடைசி வரிசையில் பார்த்த முகம். காவலாளியின் மனைவி. வில்லியம்மா வேறு பக்கம் திரும்பிப் போயிருக்கலாம். கால் போகவில்லை.

"நீங்கதான் அந்தத் தொடர் எழுதறீங்களாமே" என்றாள் அந்தப் பெண். குரலில் சண்டை இல்லை. "நான் தினமும் பார்ப்பேன். அவரும் உட்கார்ந்து பார்ப்பாரு. வில்லன் பேசறப்ப, 'இவன் சொல்றதுலயும் நியாயம் இருக்குடி'ம்பாரு."

வில்லியம்மா கையிலிருந்த நான்கு தாள்களையும் மடித்தாள்.

"இன்னிக்கு நீங்க படிச்சப்ப எனக்கும் அழுகை வந்துச்சு. உங்க தம்பி மேல எனக்கே பாவமாயிடுச்சு. என்னைச் செருப்பால அடிச்சுக்கலாம் போல இருந்துச்சு." அவள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "நாலு பக்கம் படிச்சீங்க. அதுல எங்க வீட்டுக்காரர் செத்தாருன்னு மட்டும் இருந்துச்சு. வேற ஒண்ணுமே செய்யல அவரு. அன்னிக்கு அவருக்கு வேலையே இல்ல தெரியுமா? கூட வேலை பார்க்கிறவர் சம்சாரத்துக்குப் பிரசவ வலின்னு, இவர் மாத்திக்கிட்டுப் போனாரு. போறப்ப என் செருப்பு அறுந்திருந்ததைத் தைச்சு வெச்சுட்டுப் போனாரு."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. இத்தனை வருடம் வில்லன்களுக்குக் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட அவள் இந்த மனிதரைப் பற்றிக் கேட்கவில்லை. அவர் கோட்டுக்கு வெளியே இருந்தார். தம்பி போட்ட கோடு என்று அவள் நினைத்தது தவறு. தாயும் தகப்பனும் போன வருடத்தில் அவளே போட்ட கோடு அது. 'நமக்கு நாமதான்டா, வேற எவனும் இல்ல' என்று பத்து வயதுப் பையனுக்குச் சோறு ஊட்டிச் சொன்னவள் அவள்தான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள் அந்தப் பெண். "அந்த நாய் எதிர்த்த கடைத் தூண்ல கட்டியிருந்துச்சு. போலீஸ்ல சொன்னேன், நெருப்பைப் பார்த்து எவனாவது கட்டியிருப்பான்னுட்டாங்க. அது முன்பின் தெரியாத ஆளு கிட்ட போகாது. யாரு அவுத்தாங்க?"

பொய் சொல்ல ஒரு மூச்சு நேரம்தான் வேண்டும். அவளுக்கு அந்தப் பொய் தயாராகவே நாக்கில் இருந்தது, நம்பக்கூடிய பொய். எதிரே நிற்பவள் நம்பியும்விடுவாள்.

"என் தம்பிதான்" என்றாள் வில்லியம்மா. "அவன் ஜன்னல்ல அவரைப் பார்த்தான். தூங்கிட்டிருந்ததைப் பார்த்தான். எழுந்துருவாருன்னு நினைச்சானாம். நான் அங்க படிச்சது பொய்."

அந்தப் பெண் கீழே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. சிமெண்டுத் தரையை உள்ளங்கையால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு, "எழுதிக் குடுங்க" என்றாள். "நான் போய்ச் சொன்னா எவனும் நம்பமாட்டான். நீங்க எழுதினாத்தான் நம்புவாங்க."

அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்து, நான்காம் பக்கத்தின் பின்புறத்தில் எழுதினாள். அறுந்த செருப்பில் தொடங்கினாள். மாற்றிக்கொண்ட வேலை, நாய், ஜன்னல், பெஞ்சு. மேலாளரின் மேசையையும் எழுதினாள், குழந்தையின் விரல்களையும் எழுதினாள், அவையும் நடந்தவைதானே! ஆனால் ஒன்றுக்கொன்று "ஆகையால்" போடவில்லை. தன் வாழ்க்கையில் அவ்வளவு மொட்டையாக அவள் எழுதியதே இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தத் தாளை வைத்து அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. மேல் நீதிமன்றம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தது. நீதிமன்றத்தில் பொய் படித்ததற்காக அவளைக் கடுமையாகக் கண்டித்தது. வக்கீல் வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். போகும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஏழு, பதினான்கு ஆனது. கேள்விப்பட்ட அன்றே தம்பி மனைவி குழந்தையையும் இரண்டு பைகளையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நின்று, அதிகம் பேசாதவள், ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்.

"கூடப் பிறந்தவங்களே குழி வெட்டினா, மூடறதுக்கு வேற ஆளா வேணும்?"

குழந்தை கையை ஆட்டிவிட்டுப் போனது. அவளுக்குப் பதிலுக்கு ஆட்டத் தோன்றவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அங்கேயே சரிந்தாள். இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. செத்துப்போனால் என்ன என்று நினைத்தாள். அதற்கு முந்தின நிமிஷம் தான் என்ன செய்வோம் என்று யோசித்தபோது, சொட்டிக்கொண்டிருக்கும் மாடிக் குழாயை மூடிவிட்டு வருவோம் என்று தோன்றியது. எழுந்து போய்க் குழாயை மூடினாள். பசித்தது. மிச்சமிருந்த ரொட்டியைத் தின்றாள்.

வேலைக்குத் திரும்பியபோது இயக்குநர் தயங்கித் தயங்கி, "அழுகைக் காட்சி எழுதறீங்களா? கொஞ்ச நாளைக்கு" என்று கேட்டார். வேண்டாம், தன் வேலையே போதும் என்றாள். ஆனால் முன்போல அவளால் வேகமாக எழுத முடியவில்லை. வில்லன் கையால் அடிபடுகிறவனுக்கும் ஒரு காட்சி வேண்டும் என்று தகராறு செய்தாள். அவன் காலையில் என்ன செய்தான், எங்கே போகிற வழியில் இவன் கையில் சிக்கினான் என்று கேட்டாள். நீளம் கூடுகிறது என்று சலித்துக்கொண்டார்கள். சில சமயம் வைத்துக்கொண்டார்கள், பல சமயம் வெட்டினார்கள்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை தோறும் சிறைக்குப் போனாள். பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு வலைக்கு இந்தப் பக்கம் உட்காருவாள். அந்தப் பக்கத்து முக்காலி காலியாகவே இருக்கும். "வரமாட்டேங்கறாரும்மா" என்பார் காவலர். அரை மணி நேரமும் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வருவாள். இப்படிப் பதினோரு மாதம் போனது.

பன்னிரண்டாவது மாதம் அவன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது. உட்காராமல் நின்றுகொண்டே அவளைப் பார்த்தான். அவளும் எழுந்து நின்றாள். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பின்கதவு எப்பவும் திறந்துதான் இருக்கும்கா" என்றான் அவன். "பதினோரு வருஷம் பார்த்திருக்கேன். அன்னிக்கு மட்டும் எவன் பூட்டினான்?"



"தெரியலடா" என்றாள்.

"டெய்லி யோசிக்கறேன். எவன் பூட்டினான்னு தெரிஞ்சா..." அவன் நிறுத்திக்கொண்டான். கை வலையைப் பற்றியிருந்தது.

அந்தக் குரலை அவளுக்கு நன்றாகத் தெரியும். அடுத்து வரப்போகிற வாக்கியத்தை அவளால் எழுதித் தர முடியும். ஒரு புதிய காயம், அதற்கு ஒரு புதிய ஆள். அவள் முக்காலியில் உட்கார்ந்தாள்.

"உட்காருடா" என்றாள். "அந்தக் காவலாளியோட வீட்டுக்காரம்மா சொன்னதை உனக்குச் சொல்றேன். உட்காரு முதல்ல."

அவன் உட்காரவில்லை. போகவும் இல்லை. அவள் சொல்லத் தொடங்கினாள்.